விழா மலரில் நன்றிப் பக்கம்: தொகைவாரியா, பணிவாரியா?

மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடத்தும் வழக்கம் 1981-இல் சிதம்பரத்தில் தொடங்கி, பிறகு காவிரிப் படுகையின் பல கோயில் ஊர்களுக்கும் பரவியது. எங்கள் ஊர் விழாவும் அந்த வழியில் வந்ததுதான். நுழைவுக் கட்டணம் இல்லாத விழா என்பதால், செலவு முழுவதும் புரவலர்களின் கொடையையும் மலரில் வரும் விளம்பரங்களையும் நம்பியே நடக்கிறது. அந்தப் புரவலர்களுக்கு விழாக்குழுவின் சார்பில் மலரில் எவ்வாறு நன்றி தெரிவிப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மலர்க்குழுவில் இருக்கும் எங்களுக்கு வந்தது. தொகையின்படி வரிசைப்படுத்தும் முறையிலும், ஏற்றுக்கொண்ட பணியின்படி தொகுக்கும் முறையிலும் நாங்கள் மலர் வெளியிட்டிருக்கிறோம். இப்போது கடைப்பிடிப்பது பணிவாரி முறை. என் சாய்வும் அந்தப் பக்கமே.

தொகைவாரி முறை எல்லோரும் அறிந்தது. வைரப் புரவலர், தங்கப் புரவலர், வெள்ளிப் புரவலர் என்று வரம்புகள் வகுத்து, மேல்நிலையில் உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்தும் முன்பக்கமும், கீழ்நிலையில் உள்ளவர்களுக்குச் சிறிய எழுத்தும் பின்பக்கமும் கொடுப்பது. நிதி திரட்டப் போகிறவருக்கு இது மிகவும் வசதியானது. கையில் ஓர் அட்டவணை இருந்தால் பேச்சு எளிதில் முடிந்துவிடும். பணிவாரி முறையில் மேடை, ஒளி ஒலி அமைப்பு, கலைஞர்கள் தங்குமிடம், உணவு, பக்க வாத்தியக் கலைஞர்களின் சன்மானம், மலர் அச்சு என்று தலைப்புகள் அமைத்து, அந்தந்தப் பணிக்கு உதவியவர்களின் பெயர்களை அதனதன் கீழே ஒரே அளவு எழுத்தில் அகரவரிசையில் போடுகிறோம். மூன்றாவதாக, தலைப்பே இல்லாமல் எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலாக அச்சிடும் முறையும் உண்டு. முப்பது நாற்பது பெயர்கள் மட்டுமே உள்ள சிறிய விழாவுக்கு அதுவே போதும் என்பதால் அதை இங்கு விரிக்கவில்லை.

தோற்றம், மரியாதை, வரவு ஆகியவற்றைப் பற்றிக் குழுவில் நிறையப் பேசினோம். ஆனால் முடிவைத் தீர்மானித்தது கடைசி வாரத் திருத்தம்தான். எங்கள் விழாவில் கொடையில் பெரும்பகுதி விழாவுக்கு முந்தைய சில நாட்களில்தான் வந்து சேர்கிறது. அச்சகமோ அதற்குள் பாதி மலரை அடித்து முடித்திருக்கும்.

எங்கள் மலர் 64 உள்பக்கங்கள் கொண்டது. நடுவில் பின் அடித்துக் கட்டுவது. அச்சில் 16 பக்கங்கள் சேர்ந்து ஒரு பாரம். ஆக நான்கு பாரங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்படுவதால், வெளிப் பாரத்தில் 1 முதல் 8 வரையிலும் 57 முதல் 64 வரையிலுமான பக்கங்கள் இருக்கும். அதற்கு அடுத்த பாரத்தில் 9 முதல் 16 வரையும் 49 முதல் 56 வரையும் இருக்கும். தொகைவாரி முறையில் தங்கப் புரவலர் பட்டியல் வாழ்த்துரைகளை அடுத்து 9-ஆம் பக்கத்திலும், வெள்ளிப் புரவலர் பட்டியல் 60-ஆம் பக்கத்திலும் இருந்தன. அதாவது அவை இரண்டும் வெவ்வேறு பாரங்களில் இருந்தன.

இந்த நிலையில் ரூ. 25,000 கொடுத்து வெள்ளி நிலையில் இருந்த நகைக்கடை உரிமையாளர் ஒருவர், விழா நெருங்கியதும் மகிழ்ச்சியோடு தொகையை ரூ. 50,000 ஆக உயர்த்தினார். குழுவுக்கு நல்ல செய்திதான். ஆனால் அவர் பெயரை 60-ஆம் பக்கத்திலிருந்து எடுத்து 9-ஆம் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அங்கே இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். இங்கே விழுந்த இடைவெளியை நிரப்ப மற்றப் பெயர்களை நகர்த்த வேண்டும். இரண்டு பக்கங்களுக்கும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். 9-ஆம் பக்கம் உள்ள பாரம் ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அந்தத் தாள்கள் அனைத்தும் வீண். பணிவாரி முறையில் அதே மனிதரின் பெயர் ‘ஒளி ஒலி அமைப்பு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். தொகை உயர்ந்தாலும் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கூடுதல் தொகையை உணவுக்கு ஒதுக்குமாறு அவர் கேட்டுக்கொண்டால் அதே பக்கத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவே.

பொருளாக வரும் கொடையிலும் இதே வேறுபாடு தெரிகிறது. தங்கும் விடுதி உரிமையாளர் ஒருவர் நடனக் குழுக்களுக்காக 12 அறைகளை மூன்று இரவுகளுக்கு வாடகையின்றித் தந்தார். தொகைவாரிப் பட்டியலில் இதை ரூபாயாக மாற்றியாக வேண்டும். சாதாரண நாள் வாடகையான ரூ. 1,200 என்று கணக்கிட்டால் ரூ. 43,200 ஆகிறது, அவர் வெள்ளிப் புரவலர். சிவராத்திரிக் கூட்டத்தில் அதே அறைக்கு ரூ. 2,000 கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால் ரூ. 72,000, அவர் தங்கப் புரவலர். எந்த வாடகையைக் கொள்வது என்பதில் குழு உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபட்டது. உரிமையாளரிடமே கேட்டபோது, “ரூம் குடுத்தேன்னு போடுங்க சார், அது போதும்” என்றார். பணிவாரி முறையில் அச்சான வாசகமும் ஏறக்குறைய அதுவே: ‘கலைஞர்கள் தங்கிய பன்னிரண்டு அறைகளை விழா நாட்கள் முழுவதும் வழங்கியவர்கள்’ என்று எழுதி, அடுத்த வரியில் விடுதியின் பெயர். மலரை வாசிப்பவருக்கும் ‘தங்கப் புரவலர்’ என்ற பட்டத்தைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்து அந்த அறையில் தங்கிய மாணவியின் பெற்றோர் அதைப் படித்துவிட்டு விடுதிக்கே சென்று நன்றி சொன்னதாக அறிந்தோம்.

எந்த முறையானாலும் திருத்தம் முற்றிலும் நின்றுவிடாது. பெயர்ப்பிழை வரும், புதிய பெயர் வரும். ஆகவே நன்றிப் பக்கங்களை ஒரே பாரத்தில் அமைத்து, அந்தப் பாரத்தைக் கடைசியாக அச்சிடும்படி அச்சகத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல்வண்ணப் பக்கமாக இருந்தால் பின்னணிக்கோலமும் படமும் எந்த வண்ணத்திலும் இருக்கலாம். பெயர்களை மட்டும் தனிக் கறுப்பில் வைக்க வேண்டும். பெயரை மெரூன் நிறத்தில் வைத்தால், ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அந்த நிறத்தில் கலந்துள்ள எல்லா வண்ணங்களின் பிளேட்டுகளையும் புதிதாக எடுக்க நேரும். கறுப்பு என்றால் ஒரே பிளேட்டோடு முடிந்துவிடும்.

பெயர்ப்பிழையைக் குறைப்பதற்கு ரசீதுப் புத்தகமே சிறந்த இடம் என்பது என் துணிபு. எங்கள் ரசீதின் அடிக்கட்டையில் ‘மலரில் பெயர் அச்சாக வேண்டிய முறை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கொடையாளரே தம் கையால் அதை எழுதிக் கொடுக்கிறார். தலைப்பெழுத்து தமிழில் வேண்டுமா, பட்டம் வேண்டுமா, ‘குடும்பத்தார்’ என்று முடிய வேண்டுமா, மறைந்த தாயாரின் நினைவாகவா என்பதெல்லாம் அங்கேயே தெளிவாகிவிடுகிறது. அடிக்கட்டை இல்லாத பெயர் அச்சுக்குப் போவதில்லை. ‘தருகிறேன்’ என்று வாக்களித்தவரின் பெயரை நம்பிக்கையில் அச்சிட்டுப் பிறகு தொகை வராமற்போகும் சங்கடமும் இதனால் நீங்குகிறது. அகரவரிசையைத் தலைப்பெழுத்தைக் கொண்டு அமைக்காமல் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் தம் பெயரைத் தேடுபவருக்கு அது கண்ணில் படாது.

பணிவாரி முறையில் குறைகளும் இருக்கின்றன. அன்னதானத்தின் கீழ்ப் பெயர் வருவதற்குப் பலரும் விரும்புவர். ஜெனரேட்டர் டீசலுக்கும் பந்தல் வாடகைக்கும் முன்வருபவர்கள் குறைவு. இதைச் சமாளிக்க, அந்தச் செலவுகளுக்குத் தனித் தலைப்பு வைக்காமல் ‘மேடையும் அரங்கமும்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிட்டோம். மிகப் பெரிய தொகை கொடுத்தவரும் சிறிய தொகை கொடுத்தவரும் ஒரே அளவு எழுத்தில் வருவதால், அடுத்த ஆண்டு பெரிய கொடை குறையுமோ என்ற கேள்வி நியாயமானது. எங்களிடம் குறையவில்லை, ஆனால் எங்கள் கொடையாளர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். பெருநிறுவனங்களை நம்பி நடக்கும் நகரத்துச் சபா விழாக்களில் என்ன நேரும் என்பதை என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல இயலாது.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, நன்றியையும் விளம்பரத்தையும் ஒரே பக்கத்தில் கலக்காமலிருப்பது நல்லது. வங்கிக் கிளை மேலாளருக்கோ துணிக்கடை நிர்வாகத்துக்கோ தேவைப்படுவது முத்திரையும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கம். அதற்கு முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று கட்டணம் வைத்துத் தனியே பில் கொடுத்துவிடலாம். இதற்கு வரி சார்ந்த காரணமும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் தம் வளாகத்தில் வைக்கும் கொடையாளர் பெயர்ப்பலகை பற்றி 2019 அக்டோபரில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கொடை நன்கொடைத் தன்மையுடையதாகவும், பலகை கொடையாளரின் தொழிலை விளம்பரப்படுத்தாமல் நன்றியை மட்டும் தெரிவிப்பதாகவும் இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்பது அதன் சாரம். அது பலகைக்காகச் சொல்லப்பட்டது. மலருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி கூறவில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள அமைப்பினர் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்த அளவுகோல் எங்களுக்கு உதவியாக இருந்தது. நன்றிப் பக்கத்தில் பெயர், ஊர், செய்த உதவி ஆகியவை மட்டுமே வரும். ‘தரமான நகைகளுக்கு’ என்ற தொடரோ கைபேசி எண்ணோ வர வேண்டுமென்றால் அது விளம்பரப் பக்கத்துக்குப் போகும்.

கடைசிப் பாரமும் அச்சான பிறகு வருகிற கொடைக்கு, மலரின் அதே தாளில் ஒரு பக்க இணைப்பு அச்சிட்டு நடுவில் வைக்கிறோம். அதிலும் அதே தலைப்புகள், அதே எழுத்தளவு. விநியோகத்தின்போது இணைப்பு தனியே உதிர்ந்துவிடுவதுண்டு என்பதால், அதில் உள்ள பெயர்களை நிறைவு நாளன்று நன்றியுரை ஆற்றுபவர் மேடையில் முழுமையாக வாசிக்கிறார். அடுத்த ஆண்டு மலர் வேலை தொடங்கும்போது அந்த இணைப்புத் தாளையே முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சென்று பணியை உறுதி செய்துகொள்கிறோம்.