மாதிரி வகுப்பின் முதல் நிமிடம்: பட்டமா, பெயரா, பாடமா?

ஆசிரியர் பணிக்கான நேர்காணலில் மாதிரி வகுப்புக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடங்களே கிடைக்கும். அதில் ஒரு நிமிடத்துக்குள் முடியவேண்டிய அறிமுகத்தை மூன்று விதமாகச் செய்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘அமிலங்களும் காரங்களும்’ என்ற ஒரே பாடத்தை வைத்து மூன்றையும் பார்க்கலாம்.

முதலாவது, தன்விவரக் குறிப்பை வாய்மொழியாக ஒப்பிப்பது. “வணக்கம், என் பெயர் கவிதா. சொந்த ஊர் தேனி. எம்.எஸ்ஸி. வேதியியல், பி.எட். முடித்து, மூன்று ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்” என்று தொடங்கி, தந்தையின் தொழில், பொழுதுபோக்கு வரை சென்று நிற்கும். இதில் பிழை எதுவும் இல்லை; ஆனால் இந்த விவரமெல்லாம் தாளாளரும் முதல்வரும் கையில் வைத்திருக்கும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கோ எம்.எஸ்ஸி. என்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பேசுகிறவரின் கண்ணும் தன்னையறியாமல் பின்வரிசையில் இருக்கும் தேர்வுக்குழுவின் பக்கமே போகும். வகுப்பை எப்படிக் கையாளுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் முதலில் குறித்துக்கொள்வது அதைத்தான். ஆங்கில வழிப் பள்ளியானால் “மைசெல்ஃப் கவிதா” என்று ஆரம்பிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். “ஐ ஆம் கவிதா” என்பதே சரி.

இரண்டாவது, முதல் வகைக்கு நேர் எதிரானது: தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நேரே பாடத்துக்குள் போய்விடுவது. பி.எட். படிக்கும்போது நுண்ணிலைக் கற்பித்தலில் பழகிய ஆர்வமூட்டலை அப்படியே கொண்டுவருகிறவர்கள் இதை விரும்புவார்கள். வேகம் கிடைக்கிறது, உண்மைதான். ஆயினும் முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்த உடனே கேள்வி கேட்டால், பதில் தெரிந்த பிள்ளையும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சில பள்ளிகளின் மதிப்பெண் தாளில் அறிமுகத்துக்குத் தனிக் கட்டமே இருப்பதால், அங்கே அந்தக் கட்டம் வெறுமையாகவே நின்றுவிடுவதும் உண்டு.

மூன்றாவது வகையில் பெயரும் பாடமும் ஒரே மூச்சில் வரும். என் வாக்கு இதற்குத்தான். கவிதா உள்ளே வந்து, பிள்ளைகளைப் பார்த்து, “வணக்கம் பிள்ளைகளே, நான் கவிதா. இன்றைக்கு உங்களுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கப் போகிறேன்” என்கிறார். ஐந்தாறு நொடி ஆகியிருக்கும். பையிலிருந்து மஞ்சள் கறை படிந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரிக்கிறார். “சாம்பார் சிந்திய சட்டையை அம்மா சோப்புப் போட்டுத் துவைக்கும்போது கறை என்ன நிறமாக மாறும், யாராவது பார்த்திருக்கிறீர்களா?” இரண்டு கைகள் உயர்கின்றன. ஒருவரை அழைத்து, ஈரத் துணியில் சோப்பைத் தேய்க்கச் சொல்கிறார், மஞ்சள் செம்பழுப்பாகிறது. “ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் இன்றைய பாடம்” என்று திரும்பிக் கரும்பலகையில் தலைப்பை எழுதுகிறார். மொத்தம் 50 நொடி. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்புக்கரைசல் காரத்தன்மை உடையது என்ற பாடத்தின் பாதிக் கருத்து, அந்தச் சொற்களைச் சொல்லாமலேயே உள்ளே வந்துவிட்டது.

இந்த வழி சறுக்கும் இடம் பொருள்தான். துணியை முந்தைய நாளே மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்திருக்க வேண்டும். தேய்க்கும் இடத்தை நனைக்காவிட்டால் நிறம் சரியாக மாறாது. திரவ வடிவில் வரும் சில கைகழுவிகள் காரத்தன்மை இல்லாதவை என்பதால், துணி துவைக்கும் கட்டி சோப்பையே எடுத்துச் செல்வது நல்லது. வீட்டில் அதே துணி, அதே சோப்பை வைத்து ஒருமுறை கடிகாரத்தோடு செய்துபார்த்தால், பிள்ளையை அழைத்து வரும் நேரம்தான் கணக்கைத் தாண்டவைக்கிறது என்பது தெரியும். முன்வரிசையிலிருந்து அழைத்தால் பத்து நொடியாவது மிச்சம்.

பிள்ளைகளே இல்லாமல், தேர்வுக்குழுவினரே மாணவர்களாக உட்காரும் பள்ளிகளில் மட்டும் வரிசை சற்று மாறும். அங்கே முதலில் அவர்களை நோக்கி, “வணக்கம், நான் கவிதா, வேதியியல் முதுகலை. எட்டாம் வகுப்புக்கான பாடத்தை எடுக்கிறேன்; உங்களை அந்த வகுப்பு மாணவர்களாகக் கருதிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, குரலையும் நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டு துணியை எடுக்கலாம். அனுபவம், முந்தைய பள்ளி ஆகியவற்றை வகுப்பு முடிந்தபின் அவர்களே கேட்பார்கள்.