நிலை வட்டி, மாறும் வட்டி: எது முதலில் குடும்பச் செலவைத் தொடுகிறது?

ஆண்டு வருமானத்தைப் போல 3 மடங்கு வீட்டுக்கடன் வைத்திருக்கும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மைய வங்கி கொள்கை வட்டியை 2 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துகிறது. உயர்வு முழுமையாகக் கடன்தாரரிடம் வந்து சேர்ந்தால், மாறும் வட்டிக் குடும்பத்தின் வட்டிச் சுமை, ஆண்டு வருமானத்தில் 6 விழுக்காடு அளவுக்குச் சில மாதங்களிலேயே கூடிவிடும். தவணையை ஏற்றாமல் கடன் காலத்தை வங்கி நீட்டினால் செலவுக் குறைப்பு தள்ளிப்போகும்.

5 ஆண்டு நிலை வட்டிக் குடும்பத்தின் தவணையோ ஒப்பந்தக் காலம் முடியும்வரை அசையாது. நாட்டின் வீட்டுக்கடனில் 80 விழுக்காடு இவ்வகையாகவும் மீதி மாறும் வட்டியிலும் இருந்து, முடிவுத் தேதிகளும் சீராகப் பரவியிருந்தால், முதல் ஆண்டு முடிவில் 36 விழுக்காடு கடனே புதிய வட்டியை உணர்ந்திருக்கும்.

வட்டி குறையும்போது இந்தத் தாமதம் அதே அளவு இருப்பதில்லை. முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் சிறிதாக இருக்குமிடங்களில் நிலை வட்டிக்காரர்கள் பழைய கடனை முடித்துப் புதிய, மலிவான கடனுக்கு மாறிக்கொள்கிறார்கள்.