தம்பி பார்த்த மூன்று குடும்பத் திட்டங்களும் பண்டாரவளையில் இருக்கும் அம்மாவும்

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். லைஃப்லாக், ஆரா, எக்ஸ்பீரியன் என்று மூன்று கம்பனிகளின் அடையாளப் பாதுகாப்புத் திட்டங்கள், நம் பெயரையும் இலக்கங்களையும் வேறு யாரும் பாவிக்கிறார்களா என்று காசுக்குக் கண்காணிப்பவை. அவன் வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களின் விபரங்கள் களவு போய்விட்டன என்று கடிதம் வந்திருக்கிறது. அதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. "அக்கா, நீங்க லீசிங்ல கடன் பகுதியில இருந்தவங்கதானே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க. குடும்பத் திட்டம் எடுத்தா அம்மாவையும் சேர்த்துடலாம்" என்றான். அவன் குடும்பத்தில் அவன், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன். அம்மா எங்களோடு பண்டாரவளையில்.

மூன்றிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது எத்தனை விடயங்களைக் கண்காணிக்கிறார்கள் என்ற கணக்குதான். மின்னஞ்சல் இத்தனை, தொலைபேசி இலக்கம் இத்தனை, வங்கிக் கணக்கு, கடனட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் என்று பட்டியல் நீளும். தம்பியும் அதைக் கூட்டிப் பார்த்துத்தான் ஒன்றை முதலில் வைத்திருந்தான். எனக்கு அந்தக் கூட்டல் பெரிதாகப் படவில்லை. அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஒரே வேலைக்குத்தான் போகின்றன. களவு போன தரவுகள் விற்கப்படும் இடங்களில் அந்த எழுத்தும் இலக்கமும் தென்படுகின்றனவா என்று தேடுவது. பத்து மின்னஞ்சல் கொடுத்தாலும் ஒரு மின்னஞ்சல் கொடுத்தாலும் தேடல் ஒன்றுதான். மின்னஞ்சலுக்கு மட்டும் என்றால் அதே சேவையை haveibeenpwned.com 2013 முதல் இலவசமாகவே தருகிறது. மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால், அது ஏதாவது ஒரு கசிவில் அகப்பட்டதும் அறிவித்தல் வரும். அந்த அறிவித்தலால் ஆகக் கூடியது கடவுச்சொல்லை மாற்றுவதுதான். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டார்களா என்பதை அது சொல்லாது.

கடன் பக்கத்தைச் சொல்வது வேறு விதமான அறிவித்தல். அங்கேதான் இந்தத் திட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

அமெரிக்காவில் அரசு கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தை வைத்து ஒருவரின் கடன் வரலாறு மூன்று பணியகங்களில் தனித்தனியாக இருக்கிறது: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். நமக்கு இலங்கையில் கடன் தகவலுக்குக் கிரிப் என்ற ஒரே ஒரு பணியகம் இருப்பதால் இது உடனே பிடிபடாது. கடன் கொடுக்கிறவர் மூன்றிலும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பல இடங்களில் ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தம்பிக்கு இதை இப்படிப் போட்டுக் காட்டினேன்.

மார்ச் 3ஆம் தேதி யாரோ உன் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தை வைத்து ஒரு கடையில் தவணைக்குப் பொருள் கேட்கிறான் என்று வை. கடைக்காரரின் நிதி நிறுவனம் ஈக்விஃபாக்ஸில் மட்டும் விசாரிக்கிறது. அந்த விசாரணை அன்றே ஈக்விஃபாக்ஸ் கோப்பில் பதிவாகிவிடும். மூன்று பணியகத்தையும் பார்க்கும் திட்டம் என்றால் ஓரிரு நாளில் உனக்கு அறிவித்தல் வரும். பொருள் கைமாறும் முன்பே நிறுவனத்தைக் கூப்பிட்டு நிறுத்தப் பார்க்கலாம். டிரான்ஸ்யூனியனை மட்டும் பார்க்கும் திட்டம் என்றால் அன்று ஒன்றுமே வராது. கடன் திறந்து, முதல் மாதக் கணக்கு முடிந்து, அந்த நிறுவனம் புதிய கணக்கை டிரான்ஸ்யூனியனுக்கும் அனுப்பினால்தான் "புதிய கணக்கு" என்ற அறிவித்தல் வரும். அது ஏப்ரல் நடுவில் வந்தாலும் வரும். அனுப்பாவிட்டால் வரவே வராது. அதற்குள் பொருள் போய், முதல் தவணையும் தவறியிருக்கும்.

ஆகவே "கடன் கண்காணிப்பு உண்டு" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. விசாரணைக்கு அறிவித்தல் வருமா, அது எத்தனை பணியகத்தில் என்று கேட்க வேண்டும். ஆராவின் குடும்பத் திட்டத்தில் மூன்று பணியகமும் அடங்கும். லைஃப்லாக்கில் நீண்ட காலமாகக் கீழ்த்தட்டுத் திட்டத்தில் ஒன்று, மேல்தட்டில்தான் மூன்று. எக்ஸ்பீரியனின் இலவசக் கணக்கு தன் சொந்தக் கோப்பை மட்டும் பார்க்கும், காசு கட்டும் திட்டத்துக்குப் போனால்தான் மற்ற இரண்டும் சேரும். தம்பி முதலில் வைத்திருந்தது லைஃப்லாக்கின் கீழ்த்தட்டு. பட்டியல் நீளமாக இருந்தது, பணியகம் ஒன்று.

அடுத்தது குடும்பம். "குடும்பம்" என்ற சொல்லை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஆராவில் ஐந்து பெரியவர்கள், பிள்ளைகள் எத்தனை பேரும். லைஃப்லாக்கில் இரண்டு பெரியவர்களும் ஐந்து பிள்ளைகளும். எக்ஸ்பீரியனில் இரண்டு பெரியவர்களும் பத்துப் பிள்ளைகளும். ஐந்து பெரியவர்கள் என்று கண்டதும்தான் தம்பிக்கு அம்மாவின் நினைப்பு வந்திருக்கிறது. அவன் குடும்பத்துக்கு மூன்றுமே போதும். பெரியவர்கள் இரண்டு பேர்தானே.

பிள்ளைகளுக்கு நடப்பது பெரியவர்களுக்கு நடப்பதிலிருந்து வேறு. 9 வயதுப் பிள்ளைக்குக் கடன் கோப்பே இருக்காது. ஆகவே கண்காணிப்பது என்றால், அந்த இலக்கத்தில் எங்காவது ஒரு கோப்பு முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். முளைத்தால் அது பெரும்பாலும் களவு. இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. 2018 செப்டம்பர் 21 முதல் அமெரிக்காவில் கடன் கோப்பை முடக்கி வைப்பது எல்லோருக்கும் இலவசம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம்; கோப்பு இல்லாவிட்டால் பணியகம் ஒன்றை உண்டாக்கி அதையே முடக்கி வைக்கும். மூன்று பணியகத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் அடையாளமும் அனுப்ப வேண்டும். முடக்கி வைத்த கோப்பைப் புதிதாகக் கடன் கொடுக்க வருகிறவர் பார்க்க முடியாது, அதனால் கடன் பெரும்பாலும் கிடைக்காது. அறிவித்தல் நடந்த பிறகு வருவது. முடக்கம் நடக்கும் முன்பே மறிப்பது. நான்கு பேர், மூன்று பணியகம், பன்னிரண்டு விண்ணப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடு என்றேன்.

முடக்கம் மறிக்காத இடங்களும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் கடனட்டையை யாராவது பாவிப்பதை அது தடுக்காது. கடன் கோப்பைப் பார்க்காமலே திறக்கும் கணக்குகளையும் தடுக்காது. அதற்குத்தான் திட்டத்தின் மற்ற அறிவித்தல்கள் பயன்படும்: முகவரி மாற்றம், கணக்கில் பெரிய தொகை நகர்வது. இவற்றில் தொகை நகர்வை அவன் வங்கியே இலவசமாகக் குறுஞ்செய்தியில் தரும்.

இனி அம்மா. ஆராவில் மூன்றாவது பெரியவராகச் சேர்க்க இடம் இருக்கிறது, ஆனால் கடன் கண்காணிப்புக்குப் பதிகிறபோது கேட்பது சமூகப் பாதுகாப்பு இலக்கம். அம்மாவிடம் அது இல்லை. நம் அடையாள அட்டை இலக்கத்தைப் போட அங்கே இடம் இல்லை. அப்படியே அம்மாவின் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் தம்பியின் பட்டியலில் சேர்த்தாலும் அந்த மூன்று பணியகத்திலும் அம்மாவின் கோப்பு கிடையாது. அம்மாவின் கடன் வரலாறு கொழும்பில், இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தில்தான் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது அது. நாம் கிரிப் என்கிறோம். வெளிநாட்டுத் திட்டம் எதுவும் அதை எட்டிப் பார்க்காது. தம்பி கட்டும் காசு அம்மாவுக்கு ஒரு ஐந்து சதத்துக்கும் உதவாது.

அம்மாவுக்கு ஆபத்து வருவது இணையத்தளக் கசிவில் இருந்து அல்ல, போட்டோ கொப்பியில் இருந்து. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு தாளில் பெயர், முகவரி, பிறந்த நாள், ஆண் பெண் எல்லாம் அடங்கிவிட்டது. மலையகத்தில் அந்தத் தாள் போகாத இடம் இல்லை: சிம் வாங்க, நிவாரணம் எடுக்க, குழுக் கடனுக்கு, அயலவருக்குப் பிணை நிற்க.

நான் வேலையில் இருந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா பேரனின் மூன்று சக்கர வண்டிக்காகக் கடன் கேட்டு வந்தார். அவருக்குக் கடன் பாக்கி எதுவும் இல்லை. கிரிப் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், வேறொரு நிறுவனத்தில் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு இவர் பிணையாளி என்று கிடந்தது, தவணை பல மாதம் தவறி. குழுக் கடனுக்கென்று கொடுத்த அட்டைப் பிரதி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "நான் ஒரு இடத்துலயும் கையெழுத்து வைக்கலையே மகள்" என்று அவர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயரை எடுப்பிக்க அந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு, பொலிசில் முறைப்பாடு, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் என்று மாதங்கள் ஓடின.

இதனால் அம்மாவுக்கு நான் பார்ப்பது இரண்டுதான். ஒன்று, ஆண்டுக்கு ஒரு தரம் அம்மாவின் பெயரில் அவருடைய சொந்தக் கிரிப் அறிக்கையை எடுப்பது. அதில் கடன்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. பிணை நின்ற பகுதியையும், எந்த நிறுவனங்கள் அவரைப் பற்றி விசாரித்தன என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். நாம் போகாத நிறுவனம் ஒன்று விசாரித்திருந்தால் அதுதான் முதல் அறிகுறி. இதன் குறை தெளிவானது: எடுத்த நாளின் நிலையை மட்டும் காட்டும், அடுத்த நாள் நடப்பதற்குத் தானாகச் செய்தி வராது. ஊருக்குள் ஓடும் சிறிய வட்டிக் கடன்கள் எல்லாம் அதில் பதிவாவதும் இல்லை.

மற்றது வங்கிக் குறுஞ்செய்தி. அம்மாவின் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கேட்டபோது, வங்கியில் பதிந்திருந்தது அப்பா உயிரோடு இருந்தபோது பாவித்த இலக்கம். அந்தச் சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. இத்தனை வருடம் செய்தி எங்கே போனதோ தெரியாது. இப்போது அம்மாவின் இலக்கத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். செய்தி வந்தால் என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், செய்தியில் வரும் OTP என்ற ஒருமுறைக் கடவு இலக்கத்தை மட்டும் யாருக்கும் வாசித்துச் சொல்ல வேண்டாம் என்று. அட்டைப் பிரதி கொடுக்கும்போது நடுவில் பேனையால் எதற்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுப்பதும் பழகிவிட்டார்.

தம்பி பன்னிரண்டு முடக்க விண்ணப்பத்தில் பதினொன்றை முடித்துவிட்டான். மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி தெளிவில்லை என்று ஒரு பணியகம் திருப்பி அனுப்பியிருக்கிறது. திட்டம் எடுப்பதானால் மூன்று பணியகமும் உள்ள, இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் காசு கேட்கும் ஒன்றை ஒரு வருடத்துக்கு மட்டும் எடு, கசிவின் சூடு தணியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடிதம் அனுப்பிய இடமே சில காலத்துக்கு இலவசக் கண்காணிப்புத் தருவதாக எழுதியிருந்தால், காசு கட்டும் முன் அது எத்தனை பணியகம் என்று பார்க்கச் சொன்னேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அவன் இன்னும் வாசிக்கவில்லையாம்.