எடை குறைக்கும் ஊசி: தசையைக் காக்கப் புரதமா, பளுவா?

செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் போட்டால் பசி அடங்கி எடை இறங்குகிறது. ஆனால் இறங்குவது கொழுப்பு மட்டுமில்லை. செமாக்ளூடைடு ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு, குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை. டிர்செபடைடு ஆய்வில் சுமார் 25. அதில் நீரும் அடக்கம் என்பதால் அத்தனையும் தசை என்று பயப்பட வேண்டாம். இரண்டும் தனித்தனி ஆய்வுகள், இதை வைத்து ஊசியைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். தசை குறைய முக்கியக் காரணம் சாப்பாடு சட்டென்று குறைவதுதான்.

தர்மபுரியில் 82 கிலோ எடையுள்ள ஒரு பெண், 70 கிலோவுக்கு வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

புரதம் மட்டும் கூட்டினால்? இலக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் என்றால் நாளைக்கு 84 கிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியில் கிடைப்பது 7 கிராம்தான். ஊசி போட்டவருக்கு அந்தக் களியிலேயே வயிறு நிறைந்துவிடும். அதனால் முதலில் கறி, முட்டை, பருப்பு. களி கடைசியில், சிறு உருண்டையாக. காலையில் 2 முட்டையும் ஒரு டம்ளர் பாலும் 18 கிராம், மதியம் வெந்த கோழிக்கறி 150 கிராமில் சுமார் 40, இரவு 50 கிராம் கொள்ளும் ஒரு கப் தயிரும் 16, சோயா உருண்டை 20 கிராமில் 10. கணக்கு சரியாக வருகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.

பளு மட்டும் தூக்கினால்? ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். புரதம் வெறும் மூலப்பொருள். தசை தேவை என்று உடம்புக்கு உணர்த்துவது பளு. “காட்டு வேலை செய்கிறேனே, போதாதா?” என்பார்கள். களை பறிப்பதும் நடப்பதும் நல்லதே, ஆனால் சுமை கூடுவதில்லை. வாரம் 2 அல்லது 3 நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்குவது, குனிந்து நின்று அந்தப் பையை இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பையில் ஒரு கிலோ கூட்டுங்கள்.

இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பலன். அப்போதும் இழப்பு குறையுமே தவிர, பூஜ்யமாகாது.

ஜிம்மில் ஏறி நிற்கும் மெஷின் காட்டும் தசை அளவு, குடித்த தண்ணீருக்குத் தக்கபடி மாறும். அதைவிடக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். எடையோடு அந்த எண்ணிக்கையும் இறங்கினால், அடுத்த டோஸ் கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.