பழைய வயரிங் உள்ள வீட்டில் மின்சாரக் கார்: குறைக்க வேண்டியது ஆம்பியரா, சதவீதமா?

கோத்தகிரிப் பக்கம் பழைய வீடொன்றில் கையடக்கச் சார்ஜரைப் பயன்படுத்துபவர், பிளக் சூடாவதைக் கண்டதும் காரின் திரையில் 80 சதவீத வரம்பை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அந்த வரம்பு சார்ஜ் எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. 15 ஆம்பியர் ஓடும் பிளக் ஓரிரண்டு மணி நேரத்திலேயே தன் உச்சச் சூட்டை எட்டிவிடுவதால், ஐந்தாவது மணியில் நிறுத்தினாலும் எட்டாவது மணியில் நிறுத்தினாலும் அந்த உச்சம் குறைவதில்லை.

ஆம்பியரைக் குறைத்தால் நடப்பது வேறு. அந்த வீட்டில் 15 ஆம்பியர் ஓடும்போது மீட்டர் பலகையில் 218 வோல்ட்டும், சார்ஜர் செருகிய இடத்தில் 206 வோல்ட்டும் இருந்தன. இடையில் தொலைந்த 12 வோல்ட், 180 வாட் சூடாகச் சுவருக்குள்ளும் இணைப்புகளிலும் இறங்குகிறது. 10 ஆம்பியருக்கு மாற்றினால் இழப்பு 8 வோல்ட், சூடு 80 வாட். அதாவது மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததற்கே சூடு பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

அப்படியானால் 6 ஆம்பியரே நல்லதல்லவா என்று தோன்றும். சூடு 29 வாட்டாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் மின்னணுப் பகுதிகள் தமக்கென்று சில நூறு வாட் வரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மெதுவாக ஏற்றினால் வீணாகும் பங்கு கூடுகிறது. 30 யூனிட் பேட்டரியை 30 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 10 ஆம்பியரில் ஏறத்தாழ எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். 6 ஆம்பியரில் பதினைந்து மணி நேரம்கூட ஆகலாம். ஓர் இரவுக்குள் முடிய வேண்டுமென்றால் 10 என்பதே என் தேர்வு. கீசரும் அதே கம்பியில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

சதவீத வரம்புக்கு மலையில் வேறொரு பயன் உண்டு. முழுதும் நிரம்பிய பேட்டரியோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கத் தொடங்கினால், இறக்கத்தில் மோட்டார் காரைத் தடுக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்க்க இடமிருக்காது; முதல் வளைவுகளில் காரைத் தடுக்கும் வேலை முழுவதும் பிரேக் தலையில் விழும். எனவே இரண்டு வரம்புகளையும் வைக்கலாம், ஆனால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பத்து ஆம்பியரிலும் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கில் கை வைக்க முடியாத சூடோ, பழுப்புக் கறையோ, கருகல் வாடையோ இருந்தால், தளர்ந்த இணைப்பே காரணமாக இருக்கலாம். எம்.சி.பி. இதற்கு விழாது, ஏனெனில் மின்னோட்டம் வரம்பை மீறவில்லை. உடனே சார்ஜை நிறுத்தி, சாக்கெட்டை மாற்றும் வரை அங்கே செருகாமல் இருப்பதே வழி.

ஆம்பியரைக் காரின் திரையிலும் குறைக்கலாம், சார்ஜர் பெட்டியிலேயே குறைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. பெட்டி அறிவிக்கும் அளவுக்கு மேல் கார் இழுக்காது என்பதால் நான் பெட்டியில்தான் வைப்பேன். வீட்டில் வேறு யார் செருகினாலும், விருந்தாளியின் காருக்கே செருகினாலும், அந்த 10 அப்படியே இருக்கும்.