மீட்டர் பேட்டரியின் முதல் பல்ஸ்: படலத்தை உடைப்பதா, அப்படியே விடுவதா?

புதிதாகப் பொருத்திய தண்ணீர் மீட்டர் ஒன்று நெட்வொர்க்கில் சேர மறுக்கிறது. எல்இடி ஒருமுறை மினுக்கிவிட்டு அணைகிறது, மறுபடி மினுக்குகிறது, மறுபடி அணைகிறது. பொருத்த வந்தவர் நான்கைந்து முறை முயன்று பார்த்துவிட்டுக் கழற்றித் திருப்பி அனுப்புகிறார். ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரி 3.66 வோல்ட் காட்டுகிறது, மீட்டரும் ஒழுங்காக வேலை செய்கிறது. "பழுது எதுவும் இல்லை" என்று எழுதி மறுபடி களத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கதைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் லித்தியம் தயோனில் குளோரைடு செல்லின் பாஸிவேஷன் படலம்தான். அதைச் சமாளிக்க மீட்டர் வடிவமைப்பாளர்கள் கையாளும் நான்கு வழிகளை ஒரே மீட்டரை வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். எடுத்துக்கொள்ளும் மீட்டர் இது: டி அளவு செல், தினம் ஒருமுறை என்பி-ஐஓடி எனும் கைபேசி நெட்வொர்க் வழியாகத் தகவல் அனுப்பும், அனுப்பும்போது 250 மில்லியாம்பியரை ஒரு பல்ஸாக இழுக்கும், மின்னழுத்தம் 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ரீசெட் ஆகும், 15 வருடம் ஓட வேண்டும்.

முதலில் படலம். இந்தச் செல்லில் லித்தியம் உலோகம் நேராகத் தயோனில் குளோரைடு திரவத்தில்தான் இருக்கிறது. அந்தத் திரவமே கரைப்பானும் ஆகிறது, நேர்மின் பக்கத்தில் வினைபுரியும் பொருளும் ஆகிறது. இரண்டும் தொட்டவுடனே லித்தியத்தின் மேல் லித்தியம் குளோரைடு படிந்துவிடும். அந்தப் படிவுதான் மேற்கொண்டு வினை நடக்காமல் தடுக்கிறது. அது இல்லையென்றால் இந்தச் செல்லே இல்லை. சுயமின்னிழப்பு அறை வெப்பத்தில் வருடத்துக்கு 1 சதவீதம் அளவில் நிற்பதற்கும் அதுவே காரணம்.

அதே படிவு மின்னோட்டத்துக்கும் தடைதான். செல் சும்மா கிடக்கும் காலம் கூடக் கூடவும், கிடக்கும் இடத்தின் சூடு கூடக் கூடவும் அது தடிக்கிறது. கிடங்கில் ஒரு வருடம் கிடந்த செல்லில் படலத்தின் தடை 5 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லியாம்பியர் இழுத்தவுடன் 1.25 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 3.6 வோல்ட் 2.35 ஆகிறது, மீட்டர் ரீசெட் ஆகிறது. மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால் படலம் உடையும், மின்னழுத்தமும் மேலே ஏறும். ஆனால் அதற்குள் மீட்டர் விழுந்துவிடுகிறது. எழுந்ததும் மறுபடி நெட்வொர்க்கைத் தேடும், மறுபடி விழும். ஒவ்வொரு விழுகையும் படலத்தைக் கொஞ்சம் உடைத்துவிடுவதால் பல முயற்சிக்குப் பிறகு மீட்டர் தானாகச் சரியாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் பழுது தெரியாமல் போவது இதனால்தான். இதில் சேதம் இல்லாமலும் இல்லை. ரீசெட் ஆகும் நேரத்தில் ஃப்ளாஷில் அளவு எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவு கெட்டுப்போகலாம்.

மல்டிமீட்டர் ஏமாற்றுவதற்கும் காரணம் எளிது. அதன் உள்தடை 10 மெகாஓம், அதாவது அது இழுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். தடித்த படலம் உள்ள செல், புதுச் செல், முக்கால்வாசி தீர்ந்த செல் என எல்லாமே அதில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரு மின்தடையைச் சுமையாக மாட்டி, ஆசிலோஸ்கோப்பில் முதல் சில வினாடிகளைப் பார்க்க வேண்டும். சரிந்துவிட்டு மெல்ல ஏறினால் படலம். சரிந்து, ஏறாமல் மேலும் இறங்கிக்கொண்டே போனால் செல் தீர்ந்துவிட்டது.

வெறும் செல், மென்பொருளில் எழுப்புதல்

மலிவான வழி இது. பெரிய பல்ஸுக்கு முன்னால் சிறிய சுமையால் படலத்தை உடைத்துவிடுவது. முதல் தடவை ஃபர்ம்வேர் 10 மில்லியாம்பியரில் தொடங்கி, மின்னழுத்தத்தை அளந்தபடியே 30, 60 என்று ஏற்றும். 3.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதே படியில் காத்திருக்கும். அதற்குப் பிறகு தினமும் அனுப்புமுன் 20 மில்லியாம்பியர் 5 வினாடி போதும் என்று கொண்டால், வருடத்துக்குச் சுமார் 10 மில்லியாம்பியர்-மணி செலவு. 15 வருடத்துக்கு 0.15 ஆம்பியர்-மணி. இந்த வழியில் எடுப்பது பாபின் செல், அதாவது லித்தியம் சுவரோரமும் மற்ற மின்முனை நடுவில் உருளையாகவும் இருப்பது. டி அளவில் அதன் கொள்ளளவு 19 ஆம்பியர்-மணி என்பதால் இது கணக்கிலேயே வராது.

கணக்கில் வருவது வேறு. உடைந்த இடத்தில் படலம் மறுபடி வளரும், அதற்கு ஒவ்வொரு முறையும் லித்தியமும் தயோனில் குளோரைடும் செலவாகின்றன. பாதுகாப்பை நாமே தினம் உடைத்துக்கொண்டிருந்தால் சுயமின்னிழப்பு 1 சதவீதத்திலேயே நிற்காது. அப்புறம், மென்பொருள் படலத்தைத்தான் சரிசெய்யும். குளிரில் மந்தமாகும் மின்பகுதிரவத்தையோ, வயதாகி உள்தடை ஏறிய செல்லையோ ஒன்றும் செய்ய முடியாது. நம் மீட்டர் முதல் சில வருடம் ஓடிவிட்டு, பின்னால் ஒரு குளிர்காலத்தில் விழத் தொடங்கும். வயர்லெஸ் எம்-பஸ் என்ற குறுந்தூர ரேடியோவைப் போல 50 மில்லியாம்பியருக்குள் இழுக்கும் மீட்டராக இருந்தால் இந்த வழியையே தயங்காமல் எடுப்பேன். 250-க்கு எடுக்க மாட்டேன்.

சிலர் படலத்தை உடைக்க முனைகளைக் கம்பியால் ஒரு கணம் குறுக்கிணைத்துப் பார்ப்பார்கள். அது கூடவே கூடாது. செல் சூடாகி உடைந்தால் வெளிவரும் திரவம் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக டைஆக்சைடும் ஆகும்.

சுருள் செல்

இதில் மின்முனைகள் மெல்லிய தாள்களாகச் சுருட்டப்பட்டிருக்கும். மேற்பரப்பு பல மடங்கு பெரிதானால் அதே மின்னோட்டம் விரிந்து பாயும், சரிவு குறையும். டி அளவுச் சுருள் செல் ஆம்பியர் கணக்கில் கொடுக்கும். கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் மேற்பரப்புதான் சுயமின்னிழப்பு நடக்கும் இடமும். கொள்ளளவும் 19-லிருந்து 13 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் தூங்கும்போது 15 மைக்ரோஆம்பியர் என்றால் 15 வருடத்தில் 2 ஆம்பியர்-மணி. சிக்னல் மோசமான இடத்தில் தினமும் 10 வினாடி அனுப்புகிறது, கேட்பதற்கும் மற்றதற்கும் 1 கூலும் என்றால் நாளுக்கு 3.5 கூலும், 15 வருடத்தில் 5.3 ஆம்பியர்-மணி. பாபின் செல்லில் 1 சதவீத இழப்பு 2.85. ஆக மொத்தம் 10 சொச்சம், 19-ல் தாராளமாக அடங்குகிறது. சுருள் செல்லில் இழப்பு வருடத்துக்கு 3 சதவீதம் ஆனால் அது மட்டுமே 5.85. மொத்தம் 13-ஐத் தாண்டிவிடும், மீட்டர் 15 வருடம் எட்டாது. இழப்பு என்ற ஒற்றை வரி அனுப்பும் செலவையே மிஞ்சுவதைக் கவனியுங்கள். நீண்ட ஆயுள் மீட்டரில் சுருள் செல்லை நான் ஒதுக்குவது இதனால்தான். ஓரிரு வருட வேலைக்கு அது நல்ல செல்.

பாபின் செல்லும் சூப்பர் கெபாசிட்டரும்

இனி வரும் இரண்டு வழிகளும் படலத்தோடு சண்டை போடுவதில்லை. செல் மில்லியாம்பியர் கணக்கில் மெல்லக் கொடுக்கட்டும், பல்ஸை வேறொன்று கொடுக்கட்டும் என்பதே அடிப்படை.

சூப்பர் கெபாசிட்டர் ஒன்று பொதுவாக 2.7 வோல்ட்தான் தாங்கும். அதனால் 2 ஃபாரட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராக மாட்டினால் 1 ஃபாரட் கிடைக்கும். நல்ல சிக்னலில் 2 வினாடி அனுப்ப 0.5 கூலும் தேவை:

ΔV = I × t / C = 0.25 × 2 / 1 = 0.5 V

3.6 வோல்ட் 3.1 ஆகும், பிரச்சினை இல்லை. இப்போது அதே மீட்டரை அடித்தளத்தில் மாட்டுங்கள். சிக்னல் மெலிந்தால் என்பி-ஐஓடி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லும். எத்தனை முறை என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கிறது, மீட்டர் இடையில் மூச்சுவிட முடியாது. 10 வினாடிக்கு 2.5 கூலும் வேண்டும். 3.6-லிருந்து 2.8 வரை இறங்க இடம் இருப்பது 0.8 வோல்ட்தான், அதாவது 3.2 வினாடி. அதோடு மீட்டர் விழும். இதைத் தாங்க 3 ஃபாரட்டுக்கு மேல் வேண்டும். அப்போது கசிவும் அதற்கேற்ப ஏறும்.

கசிவுதான் இந்த வழியின் தொடர் செலவு. தொடரில் உள்ள இரண்டும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பகிரச் செய்யும் சமன்படுத்தும் சுற்றையும் சேர்த்து 10 மைக்ரோஆம்பியர் என்றாலும் 15 வருடத்தில் 1.3 ஆம்பியர்-மணி. கிடங்கில் கிடக்கும்போது இதை மிச்சம் பிடிக்கலாம் என்று கெபாசிட்டரைத் துண்டித்து வைத்தால் வேறொரு சிக்கல் வரும். செல்லுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவே வைக்கும் 330 ஓம் தடை வழியாகக் காலியான 1 ஃபாரட் நிரம்ப அரைமணி நேரம் ஆகும், பொருத்துபவர் காத்திருக்க மாட்டார். எனவே இணைத்தே அனுப்புவதுதான் சரி. வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் இருக்கும் மீட்டர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சூட்டில் சூப்பர் கெபாசிட்டரின் உள்தடை வருடா வருடம் ஏறும். முதல் நாள் சோதனையில் இது தெரியாது.

பாபின் செல்லும் ஹைப்ரிட் கெபாசிட்டரும்

டாடிரான் நிறுவனம் ஹெச்எல்சி என்ற பெயரில் விற்பது இந்த வகை. மற்றவர்களும் இதைப் போன்றதைச் செய்கிறார்கள். பெயரில் கெபாசிட்டர் இருந்தாலும் உள்ளே நடப்பது லித்தியம் அயனி செல்லுக்கு நெருங்கிய வேலை. மின்முனைகளுக்குள் லித்தியம் அயனிகள் புகுந்து வெளிவருகின்றன. இதனால் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. 3.6 வோல்ட்டை ஒன்றே தாங்கும், எனவே தொடரும் சமன்படுத்தலும் தேவையில்லை. கசிவு மிகக் குறைவு. தேக்கும் மின்னேற்றமோ மேலே கண்ட 2.5 கூலும்மைப்போல் பல மடங்கு. அடித்தளத்து மீட்டர் 10 வினாடி அனுப்பினாலும் மின்னழுத்தம் அசைவது கொஞ்சம்தான். எடுத்த 2.5 கூலும்மைச் செல் 5 மில்லியாம்பியரில் எட்டரை நிமிடத்துக்குள் திருப்பி நிரப்பிவிடும். படலம் தடித்திருந்தாலும் 5 ஓம் வழியாக 5 மில்லியாம்பியர் போவதற்கு விழுவது 0.025 வோல்ட்.

குறை விலையும் இடமும். இணைப்பிலும் கவனம் வேண்டும். காலியான ஹைப்ரிட் கெபாசிட்டரைச் செல்லோடு நேராகச் சேர்த்தால் செல்லிலிருந்து பெரிய மின்னோட்டம் பாயும். ஆகவே நிரப்பி இணைத்த பேக்காகவே வாங்குவது நல்லது. ஏற்பு சோதனையையும் புதுப் பேக்கில் மட்டும் செய்து முடித்துவிடக் கூடாது. சில பேக்குகளை 70 டிகிரியில் சில வாரம் வைத்துப் படலத்தைத் தடிக்க விட்டு, பிறகு மீட்டர் தாங்க வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர வைத்து, அங்கே 10 வினாடி பல்ஸைக் கொடுத்து மின்னழுத்தத்தின் அடிமட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். சூட்டில் கிடந்து குளிரில் விழிப்பதுதான் இந்தச் செல்லுக்கு மிகக் கடினமான நிலை.

நம் மீட்டருக்கு நான் எடுப்பது இந்தக் கடைசி வழியைத்தான். எல்லா மீட்டர்களும் திறந்தவெளியில், நல்ல சிக்னலில், மிதமான வெப்பத்தில் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் சூப்பர் கெபாசிட்டர் போதும், பணமும் மிச்சம். எதை எடுத்தாலும் முதல் விழிப்புக்கு அந்தப் படிப்படியான எழுப்பலை ஃபர்ம்வேரில் வைத்துவிடுங்கள். ரீசெட் ஆனதும் உடனே நெட்வொர்க்கைத் தேடாமல், மின்னழுத்தம் ஏறியதா என்று பார்த்துவிட்டுத் தேடும்படியும், ரீசெட்டின் காரணத்தைப் பதிவில் எழுதும்படியும் செய்யுங்கள். திரும்பி வரும் மீட்டரில் அந்தப் பதிவு இருந்தால், மல்டிமீட்டர் 3.66 காட்டினாலும் களத்தில் நடந்தது என்ன என்பது தெரிந்துவிடும்.