1.1 லட்சம் வியூ, 4 ஆர்டர்: ரீல்ஸ் விளம்பரத்தில் நான் ஏமாந்த கதை

ஈரோட்டில் வீட்டில் சத்துமாவு அரைத்து விற்கிறேன். அரைக் கிலோ 280 ரூபாய். தானியம், மில் கூலி, கவர், லேபிள் எல்லாம் போக ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு 80 ரூபாய் நிற்கும். கூரியர் செலவு வாங்குகிறவர்களுடையது. போன ஆடியில் விற்பனை படுத்துவிட்டதால், 42,000 ஃபாலோயர் வைத்திருந்த ஒரு சமையல் பக்கத்துத் தம்பியிடம் விளம்பரம் கேட்டேன். ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி, 8,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே என்றார். ஜிபேயில் போட்டுவிட்டேன். பேசியதெல்லாம் போனில்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

8,000-ஐ 80-ஆல் வகுத்தால் 100. நூறு பாக்கெட் விற்றால்தான் போட்ட காசே திரும்பும். இந்தக் கணக்கைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் நான் போட்டிருக்க வேண்டும். ரீல் வந்த பிறகுதான் போட்டேன்.

ரீல் வந்த அன்று இரவு நான் படுக்கும்போது 9,000 வியூ. காலையில் எழுந்து பார்த்தால் 64,000. மூன்றாம் நாள் 1.1 லட்சம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கூடுதலாகப் பத்துக் கிலோ அரைத்தும் வைத்தேன். வந்த ஆர்டர் நான்கு. அதிலும் ஒன்று என் சித்தி மகள்.

அப்புறம்தான் கமென்ட்களைத் திறந்தேன். முப்பது சொச்சம் கமென்ட், பெரும்பாலும் "நைஸ்", இல்லாவிட்டால் இதயம். போட்டவர்களில் பாதிப் பேருக்கு முகப்புப் படமே இல்லை. "விலை என்ன?", "குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சத்துமாவு விற்கிறவளுக்குத் தெரியும், நிஜமான அம்மாக்கள் பார்த்தால் முதல் கேள்வியே அதுதான். தூங்குகிற நேரத்தில் 55,000 வியூ ஏறியதும் அப்போதுதான் உறைத்தது.

இன்சைட்ஸ் கேட்டேன். ஓரம் வெட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, அதில் வியூ மட்டும். எந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற பகுதியைக் காட்டச் சொன்னேன். "வியூ வந்துடுச்சுல்லக்கா, ஆர்டருக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார். ஆர்டருக்கு அவர் பொறுப்பில்லை என்பது சரிதான். ஆனால் வியூ எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்தானே பொறுப்பு? அதற்குப் பதில் வரவே இல்லை. முப்பது நாள் கழித்து ரீலையும் நீக்கிவிட்டார்.

பணத்தைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ரீலுக்குக் கீழே அவர் தன் இஷ்டத்துக்கு "இதைக் குடித்தால் சுகர் குணமாகும்" என்று எழுதியிருந்தார். என் பாக்கெட்டில் அப்படி ஒரு வரியும் கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாக்கெட்டில் இருப்பது என் பதிவு எண், அவருடையது இல்லை. காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்றும் எங்கும் போடவில்லை. 2023 ஜனவரியில் வந்த மத்திய நுகர்வோர் துறையின் வழிகாட்டுதல்படி, இலவசப் பொருள் வாங்கியிருந்தாலே அதைப் பார்க்கிறவர்களிடம் சொல்லியாக வேண்டும். நான் போன் செய்து கத்திய பிறகுதான் அந்தச் சுகர் வரியை நீக்கினார்.

அடுத்த முறை 3,800 ஃபாலோயர் உள்ள ஒரு பெண்ணிடம் போனேன். பேசிய எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜாக எழுதி, "சம்மதம்" என்று அவர் பதில் போட்ட பிறகுதான் பணம். 2,000 ரூபாய், பாதி முன்பணம், மீதி ரீல் வந்த ஏழாம் நாள், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும். `Paid partnership` லேபிள் கட்டாயம், மூன்று மாதம் நீக்கக் கூடாது, நோய் பற்றிப் பேச்சே கூடாது. ஏழாம் நாள் இன்சைட்ஸ் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நகர்த்தி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்ப வேண்டும். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார்: அவருடைய ரீலை என் விளம்பரத்துக்கு எடுத்துப் போட்டால் தனியாக 1,000. நியாயம்தான், முகம் அவருடையது.

கூப்பன் கோடு கொடுக்கவில்லை. அது குரூப் குரூப்பாகச் சுற்றும், பழைய வாடிக்கையாளர்களும் அதைப் போட்டு வாங்குவார்கள், யார் யாரால் வந்தார்கள் என்றே தெரியாது. அதற்குப் பதில் அவர் பயோவில் மட்டும் இந்த லிங்க்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Sathumaavu-R2
```

தொட்டால் என் வாட்ஸ்அப் திறக்கும், அந்த வார்த்தை தானாக நிரம்பியிருக்கும். சிலர் அதை அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள், அதனால் புது எண் வந்தால் "எங்கே பார்த்தீங்க?" என்றும் கேட்டுவிடுவேன். மொத்த வியூ 6,200. பத்து நாளில் 31 பாக்கெட், 2,480 ரூபாய். அவர் சம்பளம் போக மிச்சம் 480. அவருக்கு இலவசமாகக் கொடுத்த இரண்டு பாக்கெட்டின் அடக்கம் 400-ஐக் கழித்தால் 80தான். வாங்கியவர்களில் ஒன்பது பேர் அடுத்த மாதம் மறுபடி வாங்கினார்கள்.

8,000 இன்னும் திரும்பவில்லை. அந்தத் தம்பியின் பக்கத்தில் இப்போது 51,000 ஃபாலோயர்.